பக்திப் பாடலா, திரைப்பாடலா: கவர் பாடல் சேனலின் வருவாயும் இசை உரிமமும்

சொந்தக் குரலில் பாடி யூடியூபில் வெளியிட நினைக்கும் பாடகர் பெரும்பாலும் முதலில் கேட்பது, பக்திப் பாடல்களைப் பாடுவதா, திரைப்பாடல்களைப் பாடுவதா என்பதுதான். திரைப்பாடலுக்கு ஆட்கள் விரைவில் சேர்வார்கள் என்றும், பக்திப் பாடலுக்கு உரிமைத் தொல்லை இராது என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. முதல் கூற்று பெரிதும் உண்மை. இரண்டாவது பாதிதான் உண்மை. ஒரு காணொளியின் விளம்பரப் பணம் பாடகருக்கு வருமா, வேறொருவருக்குப் போகுமா என்பதைப் பாடலின் வகை தீர்மானிப்பதில்லை. வரிகள் யாருடையவை, மெட்டு யாருடையது, காதில் விழும் ஒலிப்பதிவு யாருடையது என்ற மூன்று கேள்விகளுக்கான பதில்களே தீர்மானிக்கின்றன. இந்திய பதிப்புரிமைச் சட்டம் இம்மூன்றையும் தனித்தனிச் சொத்துகளாகவே வைத்திருக்கிறது.

வரிகளுக்கும் மெட்டுக்கும் உரிமைக் காலம், எழுதியவரோ இசையமைத்தவரோ இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கும். ஒலிப்பதிவுக்கு அது வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள். இந்த இரண்டு 60 ஆண்டுகளும் வேறு வேறு இடத்தில் தொடங்குகின்றன என்பதைக் கவனிக்காமல் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். 1960இல் வெளிவந்த ஒரு திரைப்பாடலின் இசைத்தட்டுப் பதிவுக்கு உரிமைக் காலம் 2020இன் இறுதியோடு முடிந்துவிட்டது. ஆனால் வெளியான பாடலைத் தன் குரலில் மீண்டும் பாடும் கவர் பாடகருக்கு அதனால் பயன் ஏதும் இல்லை, ஏனெனில் அவர் அந்தப் பதிவைப் பயன்படுத்துவதே இல்லை. வரிகளையும் மெட்டையுமே எடுத்துப் பாடுகிறார். வரிகளை எழுதியவர் கண்ணதாசன் என்றால், அவர் 1981இல் மறைந்தவர் என்பதால், 2041 முடியும் வரை அந்த வரிகளுக்கு உரிமையாளர் உண்டு. இசை எம். எஸ். விசுவநாதனுடையது என்றால், அவர் 2015இல் மறைந்ததால், மெட்டுக்கு 2075 வரை உரிமை நிற்கும். “பழைய பாட்டுதானே, யார் கேட்கப் போகிறார்கள்” என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை.

பக்தி இசைக்குள்ளும் இதே அளவுகோல்தான். தேவாரம், திருவாசகம், நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம், திருப்புகழ், 1874இல் சித்தியடைந்த இராமலிங்க அடிகளின் திருவருட்பா, தியாகராசரின் கிருதிகள், வேதநாயகம் சாஸ்திரியாரின் கிறித்தவக் கீர்த்தனைகள், குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்கள் ஆகியவற்றின் வரிகள் யாருக்கும் சொந்தமல்ல. பாபநாசம் சிவனின் கீர்த்தனைகளோ அப்படியல்ல. கச்சேரி மேடையில் அவை மும்மூர்த்திகளின் கிருதிகளோடு வரிசையாகப் பாடப்படுவதால் அதே அளவு பழமையானவை போலத் தோன்றுகின்றன. ஆனால் சிவன் மறைந்தது 1973இல் என்பதால் அவற்றின் உரிமை 2033 முடியும் வரை உயிரோடிருக்கிறது.

இந்த அடிப்படையில் பார்த்தால், சேனல் தொடங்குபவரின் முன் உண்மையில் மூன்று வழிகள் இருக்கின்றன: திரைப்பாடல் கவர், இருபதாம் நூற்றாண்டுப் பக்தி ஆல்பப் பாடல்களின் கவர், பழம்பாடலுக்குச் சொந்த மெட்டோ மரபுப் பண்ணோ அமைத்துப் பாடுவது. இவற்றில் நடுவில் உள்ளதே மிகவும் ஏமாற்றக்கூடியது என்பது என் கருத்து. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

திரைப்பாடலை எடுத்துக்கொள்வோம். காணொளியை ஏற்றியவுடன் யூடியூபின் கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி அமைப்பு அதைத் தன்னிடமுள்ள பதிவுகளோடு ஒப்பிடுகிறது. அசல் ஒலி கலந்திருந்தால் மட்டுமல்லாமல், புதிதாகப் பாடிய மெட்டையும் அது பல நேரங்களில் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்ததும் உரிமையாளர் முன்கூட்டியே பதிந்து வைத்த விருப்பம் நடைமுறைக்கு வரும்: காணொளியைத் தடுக்கலாம், பார்வை விவரங்களை மட்டும் கண்காணிக்கலாம், அல்லது விளம்பரம் போட்டு அந்தப் பணத்தைத் தாமே எடுத்துக்கொள்ளலாம். நடைமுறையில் அதிகம் நடப்பது மூன்றாவதுதான். இப்படி உரிமை கோருவதே கிளெய்ம். இது சேனலுக்கு எதிரான எச்சரிக்கைக் குறியான ஸ்டிரைக் அல்ல. சேனலின் தகுதிக்கு இதனால் குறைவு வராது. உரிமையாளர் காணொளியை நீக்கக் கோரி முறையாக அறிவிப்பு அனுப்பும்போதுதான் ஸ்டிரைக் விழும். 90 நாட்களுக்குள் மூன்று விழுந்தால் சேனலே மூடப்படலாம். இந்த வேறுபாடு தெரியாமல், கிளெய்ம் வந்ததும் பதறிக் காணொளியை அழித்துவிடுகிறவர்களும் உண்டு, ஸ்டிரைக்கைக் கிளெய்ம் என்று நினைத்து அசட்டையாக இருந்துவிடுகிறவர்களும் உண்டு.

கவர் பாடகருக்கு யூடியூப் ஒரு சலுகை தருகிறது. விளம்பர வருவாயைப் பகிர்ந்தளிக்கும் பார்ட்னர் திட்டத்தில் இருக்கும் சேனல், தகுதியுள்ள கவர் பாடலை வெளியிட்டு, இசை வெளியீட்டு உரிமையாளர் அதைக் கோரியிருந்தால், விளம்பர வருவாயில் ஒரு பங்கு பாடகருக்கும் வரும். இங்கே மூன்று நிபந்தனைகள் சேர்ந்து நிற்கின்றன. சேனல் ஏற்கெனவே பார்ட்னர் திட்டத்துக்குள் இருக்க வேண்டும். விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையோ 90 நாட்களில் 1 கோடி ஷார்ட்ஸ் பார்வையோ தேவை. அதுவரை திரைப்பாடல் கவர் ஈட்டும் பணம் முழுவதும் உரிமையாளருக்கே போகும். அடுத்து, அந்த உரிமையாளர் இந்தப் பங்கீட்டுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும். மூன்றாவதாக, காணொளியில் வணிகப் பதிவு எதுவும் இருக்கக் கூடாது.

மூன்றாவது நிபந்தனையில்தான் பெரும்பாலான வீட்டுச் சேனல்கள் தோற்கின்றன. கரோக்கி ட்ராக்கை விலைக்கு வாங்கி அதன்மேல் பாடினால், பணம் கொடுத்துத்தானே வாங்கினோம் என்று தோன்றும். ஆனால் கரோக்கியும் ஒரு பதிவு. அதற்கும் உரிமையாளர் உண்டு. பாடிப் பழகுவதற்கென விற்கப்பட்ட ட்ராக், இணையத்தில் வெளியிட்டுச் சம்பாதிக்கும் அனுமதியைத் தருவதில்லை. அதை விற்றவரிடமே அசல் மெட்டுக்கான உரிமம் இருந்ததா என்பது வேறு கேள்வி. கரோக்கியின் மேல் பாடிய காணொளி வருவாய்ப் பங்கீட்டுக்குத் தகுதியற்றது என்று யூடியூபின் விதியே சொல்கிறது. ஆகவே திரைப்பாடல் கவரிலிருந்து பணம் வர வேண்டுமானால் பின்னணி இசையைப் புதிதாக வாசித்துப் பதிய வேண்டும். அங்கேதான் செலவு ஏறுகிறது. ஐந்தாறு பாடல்களைக் கோத்துப் பாடும் மெட்லிக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கிளெய்ம் வரும். அவர்களில் ஒருவர் மட்டும் தடுக்கும் விருப்பத்தைப் பதிந்திருந்தாலும் காணொளி முழுவதும் முடங்கும்.

இதற்கெல்லாம் மாற்றாக நேராக உரிமம் வாங்கிவிட முடியாதா என்ற கேள்வி இயல்பானது. சட்டத்தின் 31சி பிரிவு கவர் பதிவுகளுக்கென்றே ஓர் உரிமத்தை வைத்திருக்கிறது. முதல் பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து 5 ஆண்டுகள் கழிந்த பிறகு, முன்னறிவிப்புக் கொடுத்து, ராயல்டியை முன்பணமாகச் செலுத்திப் பாடலாம் என்கிறது அது. ஆனால் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியைக் கட்ட வேண்டும் என்ற விதியே, அது ஒலிநாடாவும் குறுந்தகடும் விற்ற காலத்தின் கணக்கில் எழுதப்பட்டது என்பதைக் காட்டிவிடும். அது ஒலிப்பதிவைப் பற்றியது. படத்தோடு இணைத்துக் காணொளியாக வெளியிடும் உரிமையை அது தருவதில்லை. தனிப் பாடகருக்கு அதனால் ஆகக்கூடியது மிகக் குறைவு. மேடைக் கச்சேரிக்காக நிகழ்ச்சி நடத்துபவர், பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் சார்பில் உரிமம் வழங்கும் ஐபிஆர்எஸ் அமைப்பிடம் பெறும் உரிமமும், அந்தக் கச்சேரியைப் படமெடுத்து வெளியிடும் அனுமதி ஆகாது. வெளியீட்டு நிறுவனத்துக்கு எழுதி, குறிப்பிட்ட பாடலுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, எழுத்து மூலம் அனுமதி வாங்குவது ஒன்றே நேர்வழி. ஒரு துணிக்கடையோ நகைக்கடையோ பணம் கொடுத்து அந்தக் காணொளியில் தன் பெயரைச் சேர்க்கச் சொன்னால், இந்த நேரடி அனுமதி இல்லாமல் ஒப்புக்கொள்ளவே கூடாது. யூடியூபின் விளம்பரப் பங்கீடு அந்த வணிகப் பயன்பாட்டை உள்ளடக்கியதல்ல. அதே ஒலியை ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன் போன்ற தளங்களுக்கு அனுப்பவும் யூடியூப் பங்கீடு உதவாது. அங்கே தனி அனுமதி வேண்டும்.

இரண்டாவது வழிக்கு வருவோம். 1970களிலிருந்து ஒலிநாடாக்களில் வெளிவந்த முருகன், அம்மன், ஐயப்பன் பாடல்களும், கிறித்தவ, இஸ்லாமிய ஆல்பப் பாடல்களும் கோயில் ஒலிபெருக்கியிலும் திருவிழா மேடையிலும் இத்தனை காலம் ஒலித்ததால், ஊர்ப் பொதுச் சொத்துப் போலவே நம் மனத்தில் பதிந்திருக்கின்றன. கோயில் விழாவில் அவற்றைப் பாடுவதில் தவறில்லை. உண்மையான சமயச் சடங்கில் நடக்கும் இசை நிகழ்ச்சி பதிப்புரிமை மீறல் ஆகாது என்று சட்டமே விலக்குத் தருகிறது. அந்த விலக்கு சடங்கு நடக்கும் இடத்தோடு நின்றுவிடுகிறது. அதே பாடலைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றும் கணத்தில், திரைப்பாடலுக்குள்ள எல்லாக் கட்டுப்பாடுகளும் அதற்கும் பொருந்தும்.

திரைப்பாடலைவிட இது சில நேரங்களில் கடினமாவதற்குக் காரணம், உரிமையாளரைக் கண்டுபிடிப்பது. திரைப்பாடலில் பெரும்பாலும் பெயர் தெரிந்த இசை நிறுவனம் இருக்கும். சிறு ஊரின் ஒலிநாடா நிறுவனம் தன் பட்டியலை விற்றிருக்கலாம், வாரிசுகள் இடையே பிரிந்திருக்கலாம், டிஜிட்டல் உரிமையை மட்டும் வேறொருவருக்குக் கொடுத்திருக்கலாம். ஒரே பாடலுக்கு இருவர் கிளெய்ம் போடுவதும், அவர்களில் யாரிடம் அனுமதி கேட்பதென்று பாடகர் திகைப்பதும் இத்துறையில் நடப்பவைதான். திரைப்பட மெட்டில் தாமே எழுதிய பக்தி வரிகளைப் பாடுகிறவர்களுக்கும் இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பஜனைக் குழுக்களில் இந்த வழக்கம் நீண்ட நாளாக உள்ளது. எழுதுபவரின் பக்தியில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் வரிகள் மட்டுமே அவருடையவை, மெட்டு இன்னொருவருடையது. கன்டென்ட் ஐடி மெட்டைப் பிடித்துவிட்டால் பணம் அங்கே போகும். மெட்டை வேறு பொருளுக்கு மாற்றியதை இசையமைப்பாளர் ஏற்காவிட்டால் காணொளி நீக்கப்படவும் கூடும். கவருக்கான சலுகையை நம்பி இதைச் செய்ய வேண்டாம்.

மூன்றாவது வழி, பழம்பாடல். இதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்த்தால் தெளிவாகும். கும்பகோணத்தில் இருக்கும் ஒரு பாடகி, திருஞானசம்பந்தரின் முதல் பதிகமான ‘தோடுடைய செவியன்’ என்பதைப் பதிவு செய்ய நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வரிகள் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதற்குரிய பண் நட்டபாடை. ஓதுவார்கள் அதை இன்று கம்பீரநாட்டை ராகத்தில் பாடுகிறார்கள். பண்ணோ ராகமோ யாருடைய சொத்தும் அல்ல. ஆனால் அந்த ராகத்தில் ஓர் இசையமைப்பாளர் இடையிசையோடும் பல்லவி போன்ற அமைப்போடும் ஆல்பத்துக்கென உருவாக்கிய குறிப்பிட்ட மெட்டு அவருடையது. பாடகி ஓதுவார் மரபில் கற்றதைப் பாடினால் பாதுகாப்பாக இருக்கிறார். ஆல்பத்தில் கேட்டுப் பழகியதை அறியாமலே பாடினால் உரிமை வளையத்துக்குள் போய்விடுகிறார். கந்தர் சஷ்டி கவசத்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். தேவராய சுவாமிகளின் வரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நம்மில் பெரும்பாலோர் காதில் தங்கியிருக்கும் மெட்டோ சூலமங்கலம் சகோதரிகளின் இசைத்தட்டு வழியே பரவியது.

பாடகி பண்முறையிலேயே பாடி, வயலினையும் மிருதங்கத்தையும் நேரில் வாசிக்கவைத்துப் பதிந்தார் என்றாலும், கிளெய்ம் வராது என்று சொல்ல முடியாது. இரண்டு இடங்களிலிருந்து அது வரலாம். ஒரு நிறுவனம் இதே பதிகத்தின் தன் பதிவை கன்டென்ட் ஐடியில் சேர்த்திருந்தால், ராகமும் வரிகளும் ஒன்றாக இருப்பதால் கன்டென்ட் ஐடி இரண்டையும் ஒன்றென எண்ணிவிடக்கூடும். மற்றது தம்புரா. இணையத்தில் எடுத்த சுருதிப் பதிவையோ மென்பொருளில் வரும் பொதுவான லூப்பையோ பின்னணியில் ஓடவிட்டால், அதே ஒலியைப் பயன்படுத்திய வேறொருவர் தன் பாடலை முன்பே கன்டென்ட் ஐடியில் பதிந்திருந்தால் கிளெய்ம் வரலாம். எது நேர்ந்தது என்பதை யூடியூப் ஸ்டுடியோவில் கிளெய்ம் எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை காட்டப்படுகிறது என்று பார்த்து ஊகிக்கலாம். பாட்டு தொடங்குமுன், வெறும் சுருதி ஒலிக்கும் முதல் நொடியிலேயே பொருத்தம் தொடங்கினால் குற்றம் தம்புராவில் இருக்கிறது. பாட்டு தொடங்கிய பிறகு பொருத்தம் தொடங்கினால் மெட்டிலோ குரல் வரியிலோ இருக்கிறது.

இத்தகைய தவறான கிளெய்மை மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். கிளெய்ம் வந்த 5 நாட்களுக்குள் மறுப்பைப் பதிந்தால், முதல் நாளிலிருந்து ஈட்டிய விளம்பரப் பணம் யாருக்கும் போகாமல் நிறுத்திவைக்கப்பட்டு, முடிவில் வென்றவருக்கு வழங்கப்படும். தாமதித்தால், மறுப்பைப் பதிந்த நாளிலிருந்துதான் நிறுத்திவைப்பார்கள். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாட்கள் உண்டு. சொல்லாவிட்டால் கிளெய்ம் தானே விலகும். மறுப்பில் உணர்ச்சி வேண்டியதில்லை. வரிகளை இயற்றியவர், காலம், பண், இந்தப் பதிவில் வாசித்தவர்கள், பதிந்த நாள் ஆகியவற்றை நான்கு வரிகளில் எழுதினால் போதும். பதிவுக் கூடத்தில் ஒவ்வொரு கருவியும் தனித்தனியே இருக்கும் மூலக் கோப்புகளைப் பத்திரமாக வைத்திருப்பது இதற்கான வலுவான சான்று. ஆனால் உண்மையில் இன்னொருவரின் மெட்டைப் பாடிவிட்டு இதே வழியில் மறுத்தால், மேல்முறையீட்டுக் கட்டத்தில் உரிமையாளர் நீக்கல் அறிவிப்பு அனுப்பலாம். அப்போது அது ஸ்டிரைக்காக மாறும்.

இனி பணக் கணக்கு. ஒப்பிடுவதற்காக நான் எடுத்துக்கொண்ட அனுமான எண்கள் இவை. அவரவர் சேனலின் எண்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். சொந்தப் படைப்புக்கு விளம்பர வருவாயில் 55 விழுக்காடு யூடியூப் தருகிறது. அந்தப் பங்கு 1,000 பார்வைக்கு 30 ரூபாய் வருவதாகக் கொள்வோம். திரைப்பாடல் கவரில் அந்த 30 ரூபாயிலிருந்து உரிமையாளர் பங்கு கழிந்து பாடகருக்கு 15 ரூபாய் நிற்பதாகக் கொள்வோம். கீபோர்டு, கிட்டார், தாளக் கருவிகள், கலவை எல்லாம் சேர்த்துத் திரைப்பாடலுக்கு 20,000 ரூபாயும், குரல், வயலின், மிருதங்கம் மட்டும் உள்ள பதிகத்துக்கு 8,000 ரூபாயும் செலவு என்றால், போட்ட பணம் திரும்ப வர திரைப்பாடலுக்குச் சுமார் 13 லட்சத்து 33 ஆயிரம் பார்வைகள் வேண்டும். பதிகத்துக்குச் சுமார் 2 லட்சத்து 67 ஆயிரம் போதும். ஐந்து மடங்கு வேறுபாடு. கரோக்கியின் மேல் பாடிய திரைப்பாடலுக்குச் செலவு சில நூறு ரூபாய்தான் என்றாலும், பங்கீடு சுழியம் என்பதால் எத்தனை லட்சம் பார்வை வந்தாலும் விளம்பர வருவாய் வராது.

பார்வைகள் வரும் வேகமும் வேறு. திரைப்பாடல் கவரின் பார்வை வெளியான முதல் சில வாரங்களில் குவிந்து பிறகு தேயும். பதிகமோ கவசமோ பிரதோஷத்தன்றும் சஷ்டியன்றும் மார்கழியிலும் மீண்டும் மீண்டும் தேடப்படும். காலையில் வீட்டில் முழுவதுமாக ஓடவிடப்படும். இதற்கு மேல், பதிவு பாடகியின் முழுச் சொத்தாக இருப்பதால் அதை எல்லா இசைத் தளங்களுக்கும் அனுப்பலாம், கோயில்களுக்கோ தொலைக்காட்சிக்கோ உரிமம் வழங்கலாம். கவர் பாடலில் இந்தக் கதவுகள் எதுவும் திறப்பதில்லை.

ஆகவே பாடிச் சம்பாதிக்க விரும்புபவருக்கு என் பரிந்துரை, சேனலின் முதுகெலும்பாகப் பழம்பாடல்களை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே. தொடக்கத்தில் 4,000 மணி நேரத்தை எட்டுவதற்குத் திரைப்பாடல் கவர் உதவும். கிளெய்ம் உள்ள காணொளியின் பார்வை நேரமும் கணக்கில் சேரும் என்பதால், எளிய கிட்டார் ஒன்றோடு நேரில் பாடிய திரைப்பாடல்கள் சிலவற்றை அந்த நோக்கத்துக்கு மட்டும் பயன்படுத்தலாம். வருவாயை எதிர்பாராமல் திரைப்பாடலில் பெயர் வாங்கி, கச்சேரி வாய்ப்புகளைத் தேடுபவருக்குக் கணக்கு வேறு. அவருக்குக் கவர் பாடல் விளம்பரச் செலவு போன்றது, பணம் மேடையிலிருந்து வரும். பக்தி ஆல்பங்களின் கவரை, எழுத்து அனுமதி கையில் இல்லாதவரை, இரு தரப்பினரும் தவிர்ப்பதே நல்லது.

மூன்றாவது வழியைத் தேர்ந்தவர் பதிவுக்கு முன்னரே செய்துகொள்ள வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. பழைய வரிகளுக்கு நண்பர் ஒருவர் புது மெட்டுப் போட்டுத் தந்தால், அந்த மெட்டு நண்பருடையது. கூலி கொடுத்ததால் மட்டும் அது கைமாறிவிடாது. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த எழுத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டுகளுக்கு மட்டும் என்றும், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். யூடியூப் காணொளி சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் ஓடும். பக்திப் பாடல் 5 ஆண்டுகளுக்குப் பிறகும் கேட்கப்படும். ஆகவே ஒப்பந்தத்தில் பாடலின் பெயர், ‘உலகம் முழுவதும்’, ‘பதிப்புரிமைக் காலம் முழுவதும்’, கொடுக்கும் தொகை, பின்னால் வரும் ராயல்டியில் மெட்டமைத்தவருக்குரிய பங்கு ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். வயலினும் மிருதங்கமும் வாசித்தவர்களிடமும், தங்கள் வாசிப்பை இந்தப் பதிவில் சேர்த்து வெளியிடச் சம்மதம் என்று ஒரு பக்கத் தாளில் கையெழுத்து வாங்கி, அதை மூலக் கோப்புகள் உள்ள இடத்திலேயே வைக்க வேண்டும்.